பாரி ஆலன் என்று சொல்லி வாலி வெஸ்ட்டை விற்கிறார்கள்: ஃபிளாஷ் பொம்மை வாங்குவோர் கவனத்துக்கு

"1956 ஒரிஜினல் ஃபிளாஷ், பாரி ஆலன்" என்று விளம்பரம் போட்டிருந்த ஆறு அங்குல பொம்மைக்கு எங்கள் குழு நண்பர் ஒருவர் ₹4,500 கட்டினார். பெட்டியில் வந்தது வாலி வெஸ்ட்: டிசி காமிக்ஸில் 1956இல் அறிமுகமான அதிவேக நாயகன் பாரிக்குப் பின் ஃபிளாஷ் ஆனவர். கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: "ரெண்டும் ஃபிளாஷ்தானே சார், நெஞ்சுல மின்னல் இருக்குல்ல?" பணம் திரும்ப வரவில்லை.

அந்த மின்னல்தான் ஏமாற்றும். வெள்ளை வட்டத்துக்குள் மஞ்சள் மின்னல், இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நெஞ்சை விட்டுவிட்டு இடுப்பைப் பாருங்கள். பாரியின் பெல்ட் மஞ்சள் மின்னல் கோடு. ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து போனாலும் இடுப்பைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடும். வாலியுடையதில் இரு பக்கத்திலிருந்தும் இறங்கும் மின்னல்கள் நடுவில் கூராகச் சந்தித்து 'V' ஆகும். நண்பருக்கு வந்ததில் அந்தக் கூர் பளிச்சென்று தெரிந்தது. விளம்பரப் படத்திலோ கை இடுப்புக்கு முன்னால் மடக்கி வைக்கப்பட்டிருந்தது. தற்செயலாக இருக்கலாம், நம்பத்தான் முடியவில்லை.

அடுத்து கண். பாரியின் முகமூடித் துளை வழியே கண்மணி தெரியும். வாலிக்கு முழு வெள்ளை லென்ஸ். ஆனால் நான்கு அங்குலத்துக்குக் கீழே உள்ள பொம்மைகளில் கண் வெறும் வெள்ளைப் புள்ளிதான், அங்கே பெல்ட்டை மட்டும் நம்புங்கள். வாலியின் சிவப்பு சற்று அடர்த்தியாகவும் பளபளப்பாகவும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்ய முடியாது.

முகமூடி இல்லாத மாற்றுத் தலை இருந்தால் வேலை சுலபம்: பாரிக்கு மஞ்சள் முடி, வாலிக்குச் சிவப்பு முடி. நண்பரின் பெட்டித் தட்டில் தலை வைக்கும் பள்ளம் காலியாக இருந்தது. தலையை எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எல்லாக் காலத்துக்கும் செல்லாது. கதையில் பாரி 1985இல் இறந்தபின் பொறுப்பேற்ற வாலி, தன் தொடரின் 50ஆவது இதழ் (1991) வரை ஏறக்குறைய பாரியின் உடையையேதான் போட்டுக்கொண்டிருந்தார். V பெல்ட்டும் வெள்ளை லென்ஸும் அந்த இதழோடு வந்தவை. அதனால் நேர் பெல்ட் என்றாலே பாரி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் V பெல்ட்டோடு வருவது 1956 பாரி இல்லவே இல்லை. பாரி மறுபடி கதைக்குத் திரும்பியபின் 2011இல் வந்த அவர் உடையில் உடலெங்கும் தையல் கோடுகள் ஓடும், அதற்கு இந்த பெல்ட் விதியைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பணம் கட்டும் முன் மூன்று படம் கேளுங்கள்: கைகளை விலக்கி இடுப்பு நேர்முகமாக, முகம் கிட்டத்தில், பெட்டித் தட்டு முழுசாக. "பாரி, நேர் பெல்ட்" என்று விற்பவரையே செய்தியில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்.