விடுதலைப் பத்திரத்தில் ஒரு வாக்கியத்தை மாற்றாமல் விட்டேன், ஐந்தேகால் லட்சம் வரி வந்து நிற்கிறது

அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். அம்மா முன்பே போய்விட்டார். வாரிசுச் சான்றில் நானும் தம்பியும் மட்டும்தான். வீட்டில் பாதி எனக்கு. அவன் அங்கேயே குடியிருக்கிறான், நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். "அக்கா, உன் பங்கை விட்டுக்கொடு, இருபது லட்சம் தர்றேன்" என்றான். சரி என்றேன்.

என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் 2024 நவம்பரில் பதிவானது. வீட்டின் வழிகாட்டி மதிப்பு 96 லட்சம், என் பாதிக்கு 48 லட்சம். உடன்பிறந்தவர்களுக்குள் விடுதலை என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதிலும் 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இரண்டும் சேர்த்து 50,000 ரூபாயோடு முடிந்தது. குடும்பத்துக்கு வெளியே இருக்கும் கூட்டு உரிமையாளருக்கு எழுதினால் தீர்வை 7 சதவீதம். அதனால் மலிவாக முடிந்ததென்று எங்களுக்குச் சந்தோஷம்.

பத்திர எழுத்தர் பழைய பத்திரம் ஒன்றை எடுத்து, பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றி அச்சடித்துக் கொடுத்தார். அதில் இருந்த வரி இது: "விடுதலைக்கான பிரதிபலன் ரூபாய் இருபது லட்சத்தையும் இன்று சாட்சிகள் முன்னிலையில் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்." என் கணக்குக்கு அதுவரை வந்திருந்தது ஐந்து லட்சம், அதுவும் வங்கி மூலம். மீதியை மாதத்துக்குள் போடுவதாகத் தம்பி சொன்னான். எழுத்தரிடம் அந்த வரியைக் காட்டிக் கேட்டேன். "எப்படி எழுதினாலும் தீர்வை அதேதான்மா, இது சும்மா சம்பிரதாயம்" என்றார். சார்பதிவாளர் "பணம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். தலையாட்டிவிட்டுக் கைரேகை வைத்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

எழுத்தர் சொன்னது பொய்யில்லை. பணத்துக்காக விட்டுக்கொடுத்தாலும், அன்பால் விட்டுக்கொடுத்தாலும், குடும்பத்துக்குள் தீர்வை ஒன்றேதான். அதனாலேயே அந்த வரியைப் பற்றிப் பதிவு அலுவலகத்தில் யாரும் கவலைப்படுவதில்லை. வருமான வரியிலோ எல்லாம் அந்த வாக்கியத்தை வைத்துத்தான். பிரதிபலன் என்றால் பங்குக்குப் பதிலாக வாங்கும் பணம். அது இல்லாமல் எழுதினால் தானம் மாதிரி, சொத்தை விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி எனக்கு இல்லை. உடன்பிறந்தவன் என்பதால் தம்பிக்கும் வரி இல்லை. பின்னால் அவன் விற்கும்போது அப்பா வாங்கிய விலையை வைத்துக் கணக்குப் போடுவார்கள், அவ்வளவுதான். பிரதிபலன் பெற்றதாக எழுதினால், என் பங்கை விற்றதற்குச் சமம்.

2024இல் 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள பதிவுகளின் விவரம் வருமான வரித் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. சம்பளத்தை மட்டும் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தேன். சில மாதம் கழித்து இந்தப் பதிவைப் பற்றித் துறையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது.

ஆடிட்டர் பத்திரத்தைப் படித்துவிட்டு, விற்பனை மதிப்பு 20 லட்சம் இல்லை, வழிகாட்டி மதிப்பான 48 லட்சம் என்றுதான் எடுப்பார்கள் என்றார். அப்பா 1988இல் வாங்கிய வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். என் பாதிக்கு அது 6 லட்சம். ஆதாயம் 42 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி 5,25,000. பணவீக்கக் குறியீடு சேர்த்து 20 சதவீதத்தில் போட்டுப் பார்த்தார்: அடக்கவிலை 21.78 லட்சம், வரி 5,24,400. அறுநூறு ரூபாய்தான் வித்தியாசம். இதற்கு மேல் செஸ். கையில் வந்ததே ஐந்து லட்சம்! மூலதன ஆதாயக் கடன்பத்திரங்களில் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம், அதற்கான ஆறு மாதக் கெடு மே மாதமே முடிந்துவிட்டது.

அப்புறம்தான் இன்னொரு குண்டைப் போட்டார். அசையாச் சொத்துப் பரிமாற்றத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகையைத் தண்டமாகக் கேட்கலாம். இருபது லட்சம் ரொக்கமாக வாங்கினேன் என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வங்கி வழியாக வந்ததற்கு ஸ்டேட்மென்ட் இருக்கிறது. மீதி வரவே இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது?

தம்பியிடம் கேட்டேன். "வாங்கிட்டேன்னு பத்திரத்துலயே இருக்கே அக்கா" என்றான். பணம் வராததால் மட்டும் பத்திரம் ரத்தாகாது, பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறார் வக்கீல். பிழைதிருத்தல் பத்திரத்துக்கு அவனும் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டான்.

பங்குக்குப் பணம் வாங்குகிறவர்கள் முழுத் தொகையும் வங்கியில் விழுந்த பிறகு மட்டும் சார்பதிவாளர் அலுவலகப் படி ஏறுங்கள். பரிமாற்ற எண்ணும் தேதியும் பத்திரத்தில் இருக்கட்டும். "ரொக்கமாக" என்ற சொல் வரைவில் இருந்தால் அடித்துத் திரும்ப அச்சடிக்கச் சொல்லுங்கள், எழுத்தர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பணமே வாங்காமல் விட்டுக்கொடுக்கிறீர்களா, ஒரு ரூபாய்கூடப் பெறவில்லை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கைரேகைக்கு முந்தைய நாளே வரைவை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

டிசம்பர் 31க்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து வரியைக் கட்டச் சொல்லியிருக்கிறார் ஆடிட்டர். அதற்காக நகையை அடகு வைத்திருக்கிறேன்.