ஊறுகாய் மூடி ஸ்டிக்கர், கட் லைன், ஸ்பாட் கலர்: மூணு வருஷம் பண்ணிப் பாத்ததுல

டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கோம், அத்தை வீட்டுலயே மாங்கா ஊறுகாயும் எலுமிச்சை ஊறுகாயும் போட்டு விக்கிறாங்க, புரட்டாசி மாசம் வந்தா ஆர்டர் ரெண்டு மடங்காயிடும். ஒரு தடவைக்கு 120 பாட்டில். அதுக்கு மூடி மேல ஒட்டுற ரவுண்டு ஸ்டிக்கர் நான்தான் செட் பண்றேன். காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் எதுவும் இல்ல, இங்க்ஸ்கேப்ல வரைஞ்சு ஸ்கிரைபஸ்ல முடிக்கிறேன், மூணு வருஷமா இதேதான். சின்ன அளவுல அடிக்கிறவங்களுக்கு இது போதும், ஆனா ஒரு எடத்துல கவனிக்கலன்னா மொத்த அடிப்பும் போயிடும்.

அந்த எடம் கட் லைன், அதாவது கத்தி எந்த வழியா வெட்டணும்னு காட்டுற கோடு. மொத தடவை நான் இங்க்ஸ்கேப்ல ஒவ்வொரு டிசைன சுத்தியும் பிங்க் கலர்ல ஒரு வட்டம் போட்டு பிடிஎஃப் ஆக்கி அனுப்பிட்டேன், கடைக்காரர் "பிங்க் லைன் போடுங்க"ன்னுதான் சொன்னாரு. வந்து பாத்தா அத்தன ஸ்டிக்கர்லயும் ஓரத்துல பிங்க் கோடு அச்சாயிருக்கு, வெட்டே விழல. அத்தை கத்திரிக்கோல் எடுத்து உக்காந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வெட்டுனாங்க, எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

அப்புறம் கேட்டப்பதான் புரிஞ்சுது, மெஷின் பாக்குறது கலர இல்ல, பேர. கடையில அச்சடிச்சு வெட்டுற ரோலண்ட் மெஷினோட வெர்ஸாவொர்க்ஸ் சாஃப்ட்வேர் `CutContour` அப்படிங்கிற பேர்ல ஒரு ஸ்பாட் கலர், அதாவது மத்த மையோட கலக்காம தனிப் பேரோட போற கலர், இருக்கான்னு தேடும், இருந்தா அந்தக் கோட்ட அச்சடிக்காம கத்திக்கு அனுப்பும். பேர் நடுவுல ஸ்பேஸ் விட்டாலோ, சின்ன எழுத்து பெரிய எழுத்து மாறுனாலோ அதுக்கு அது சாதாரண கலர்தான். வேற மெஷின்ல வேற பேர் இருக்கலாம், அதனால கடையில மொதல்ல கேக்க வேண்டியது "என்ன பேர் வேணும்"னுதான். இங்க்ஸ்கேப் பிடிஎஃப்ல ஸ்பாட் கலரே வராது, எல்லாம் ஆர்ஜிபியாதான் போகும், அங்கதான் எனக்கு மாட்டுச்சு. நடுவுல ஸ்கிரைபஸ் வர்றதுக்கு ஒரே காரணம் இதுதான்.

சைஸ் கதைய சொல்லிடுறேன். மூடி வெளி அளவு 63 மிமீ, நான் அதப் பாத்து 58 போட்டேன், ஆனா மூடி ஓரம் வளைஞ்சு எறங்குது இல்ல, அந்த வளைவுல ஏறுன ஸ்டிக்கர் சுருங்கி எழும்பிடுச்சு. தட்டையா இருக்குற பாகம் மட்டும் அளந்தா 54தான், அதனால வெட்டு 50 மிமீ. டிசைனோட பின்னணி 54 மிமீ வட்டம், அதாவது சுத்தி 2 மிமீ ப்ளீட், கத்தி கொஞ்சம் நகந்தாலும் வெள்ளை தெரியாது. எழுத்து எல்லாம் வெட்டுல இருந்து 3 மிமீ உள்ள.

இங்க்ஸ்கேப்ல இன்னொண்ணு, கோட்டு தடிமனையும் சேத்துதான் அளவு காட்டும், 1 மிமீ கோடு இருந்தா 50 மிமீ வட்டம் 51னு வரும், நீங்க 50 ஆக்குனா வட்டம் சின்னதாயிடும், கத்தி போறது கோட்டோட நடு வழியா. Preferences உள்ள Tools-ல `Geometric bounding box` தேர்ந்தெடுத்தா சரியாயிடும்.

ஏ4 ஷீட்டுல கடைக்காரர் கத்திக்கு எடம் காட்டுற மார்க் வைக்க நாலு பக்கமும் 10 மிமீ கேக்குறாரு, மிச்சம் 190க்கு 277. வெட்டுக்கும் வெட்டுக்கும் 5 மிமீ விட்டா ரெண்டு ப்ளீட்டுக்கும் நடுவுல 1 மிமீ இருக்கும். குறுக்க மூணு வட்டம், ஓரத்து ப்ளீட்டோட 164 மிமீ. நீளத்துல அஞ்சு, ப்ளீட்டோட 274 மிமீ, 277க்குள்ள மட்டுமட்டா அடங்குது. ஷீட்டுக்கு 15, 120க்கு எட்டு ஷீட், நான் எப்பவும் ஒம்போது சொல்லுவேன், ஒண்ணு ரெண்டு கண்டிப்பா கெடும். அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டு ப்ரிண்டர்ல சாதா பேப்பர்ல ஒரு ஷீட் எடுத்து ஒரு வட்டத்த வெட்டி மூடி மேல வைப்பேன், ப்ரிண்ட் பண்ணும்போது ஃபிட் டு பேஜ் இருந்தா சுருங்கிடும், ஆக்சுவல் சைஸ்னு வைக்கணும்.

இப்ப ஸ்கிரைபஸ். இங்க்ஸ்கேப்ல சேவ் பண்ண எஸ்விஜிய உள்ள கொண்டு வந்து குரூப்ப பிரிச்சு, மொதல்ல வெட்டு வட்டம் 50 மிமீதானான்னு பாக்கணும். கலர் பட்டியல்ல புதுசா ஒண்ணு, பேர் `CutContour`, சிஎம்ஒய்கே, மெஜந்தா 100, `Is Spot Color` டிக். வெட்டு வட்டம் எல்லாத்துக்கும் கோட்டு கலரா அதக் குடுத்து, உள்ள ஃபில் எதுவும் இல்லாம, கோடு 0.25 பாயிண்ட். அதோட `Overprint` வைக்கணும், இல்லன்னா கோட்டுக்கு அடியில இருக்குற டிசைன் வெட்டுப்பட்டு மெல்லிசா ஒரு வெள்ளக் கோடு விழும், கத்தி ஒரு மயிரிழை நகந்தா அது தெரியும். பிடிஎஃப் எடுக்கும்போது Color டேப்ல `Printer` வச்சு, `Convert Spot Colors to Process Colors` டிக் எடுத்துடணும். இந்த டிக்க எடுக்காம விட்டா இவ்வளவு பண்ணதும் வீண், திரும்ப பிங்க் கோடுதான், திரையில ரெண்டும் ஒரே மாதிரி தெரியும் அதுதான் பிரச்சன.

அதனால பிடிஎஃப்ப மை மையா பிரிச்சுக் காட்டுற கோஸ்ட்ஸ்கிரிப்ட் வச்சு பாத்துட்டுதான் அனுப்புவேன்:

```
gs -o sep%02d.tif -sDEVICE=tiffsep -r150 sticker.pdf
```

ஒவ்வொரு மைக்கும் தனித்தனி படம் வரும், அதுல `sep01(CutContour).tif` இருக்கணும், தெறந்தா 15 வட்டம் மட்டும் இருக்கணும். அந்த ஃபைலே வரலன்னா ஸ்பாட் கலர் போயிடுச்சுன்னு அர்த்தம். `sep01(Magenta).tif` தெறந்தா அந்த வட்டக்கோடு அங்க இருக்கக்கூடாது. ரெண்டு நிமிஷ வேல, மூணு வருஷத்துல இது என்னை ரெண்டு தடவை காப்பாத்தியிருக்கு.

ஆனா இதுல பிடிபடாத ஒரு தப்பு உண்டு. போன வருஷம் ஒரு ஷீட்டுல ரெண்டு ஸ்டிக்கர் மட்டும் அப்படியே கழண்டு விழுந்துது. கிஸ் கட்டுன்னா வினைல் மட்டும் வெட்டுப்பட்டு பின்னாடி பேப்பர் நிக்கணும், இங்க பேப்பரும் சேந்து வெட்டுப்பட்டிருக்கு. காப்பி பேஸ்ட் பண்ணப்ப ரெண்டு எடத்துல வட்டம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்திருக்கு, கத்தி அதே வழியில ரெண்டு தடவை போயிருக்கு. படத்துல பாத்தா ஒரே கோடு. அதுக்கப்புறம் இங்க்ஸ்கேப்ல வட்டம் எல்லாத்தையும் தனி லேயர்ல வச்சு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கீழ எண்ணிக்கை பாப்பேன், 15 இருந்தா சரி, 17னு வந்தா ரெண்டு தேட வேண்டியதுதான். கோட்ட பாத் ஆக மாத்துறதும் கூடாது, உள் ஓரம் வெளி ஓரம்னு ரெண்டு வட்டமாயி ரெண்டு தடவை வெட்டும்.

பேப்பர் ஸ்டிக்கர் ஊறுகாய்க்கு ஒத்து வராது, எண்ண பட்டா கறுத்துடுது, வினைல் மேல லேமினேஷன் போட்டதுதான் நிக்குது, வெலதான் ஜாஸ்தி. போன புரட்டாசிக்கு ஒம்போது ஷீட் எடுத்தோம், ஒரு ஷீட்டும் கெடல, மிச்சம் பதினஞ்ச அத்தை மொளகா ஊறுகாய் பாட்டில்ல ஒட்டிட்டாங்க, பேர் மாங்கான்னு இருக்கு, அதுக்கு தனியா ஒரு ஃபைல் போட்டுக்கிட்டு இருக்கேன்.