தலைப்பில் Near Mint, கண்ணாடிக்குள் பூஞ்சை: ஜப்பான் லென்ஸ் வாங்கியதில் நடந்தது

பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் தேடி வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஜப்பானில் இருக்கும் ஒரு விற்பனையாளரிடம் நிக்கான் 105 எம்எம் எஃப் 2.5 லென்ஸ் வாங்கினேன். தலைப்பில் கொட்டை எழுத்தில் Near Mint என்று இருந்தது. ஏறக்குறைய புதுசு என்று நினைத்துக்கொண்டேன். அது விற்பவர் தானே எழுதிக்கொள்ளும் தரம். தளம் கேட்கும் நிலை என்ற கட்டத்தில் வெறும் Used என்றுதான் இருந்தது. வேலை செய்யாததை For parts or not working என்று தனியாகப் போடுவார்கள். வேலை செய்யும் பழைய பொருள் எந்த நிலையில் இருந்தாலும் Used தான். Excellent என்பதைச் சுருக்கி Exc+5 என்று எழுதுவதும் இப்படித்தான்; கேட்க உயர்வாக இருந்தாலும் பல கடைகளில் அது Near Mint-க்குக் கீழ்ப்படி.

உண்மை விவரம் பக்கத்தின் அடியில் இருந்தது. "லேசான பூஞ்சை உண்டு, படத்தைப் பாதிக்காது" என்று ஒரே வரி. நான் அதுவரை இறங்கிப் படிக்கவில்லை. லென்ஸ் வந்ததும் துளையை முழுதாகத் திறந்து பின்பக்கமிருந்து டார்ச் அடித்தேன். உள் கண்ணாடியில் சிலந்தி நூல் போலக் கிளைகிளையாகப் படர்ந்திருந்தது. வெயிலுக்கு எதிரே எடுத்த படங்கள் எல்லாம் வெளிறிப்போயின. பழுது பார்ப்பவர் கழற்றித் துடைத்தார். கண்ணாடியின் மேல்பூச்சைப் பூஞ்சை அரித்த தடம் மட்டும் அப்படியே நிற்கிறது.

திருப்பி அனுப்பக் கேட்டேன். விவரத்தில் சொல்லியிருப்பதால் 'சொன்னதற்கு மாறான பொருள்' என்ற வகையில் வராது, மனம் மாறியதாகத்தான் கொள்வோம், அனுப்பும் செலவு உங்களுடையது என்றார் விற்பவர். எழுத்துப்படி பார்த்தால் அவர் சொல்வது சரிதான். எனக்குக் கோபம் தலைப்பின் மீதுதான்.

விலையிலும் அவசரப்பட்டேன். கேட்டது 120 டாலர். குறைத்துக் கேட்க உதவும் Make offer பொத்தானை அழுத்தி 95 போட்டேன். அதே நிமிடம் ஏற்கப்பட்டது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வந்தால் தானாகவே ஏற்கும்படி விற்பவர்கள் அமைத்துவைக்கலாம். ஏற்றபின் அது வாங்குவதாகக் கொடுத்த வாக்கு. நான் போட்ட 95-இல் அனுப்பும் செலவு சேரவில்லை. விரைவுக் கூரியருக்கு 28 சேர்ந்து 123 ஆனது. அதே லென்ஸை இன்னொருவர், கண்ணாடி சுத்தம் என்று எழுதி, அனுப்பும் செலவு உட்பட 118-க்கு வைத்திருந்தார். இந்தியச் சுங்கத்தில் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் கூட்டித்தான் வரி போடுகிறார்கள். விலை உயர்ந்த கூரியரைத் தேர்ந்தெடுத்தால் வரியும் கூடலாம். அந்த வரியையும் கூரியர்காரரின் கையாளும் கட்டணத்தையும் வீட்டு வாசலில் கட்டினேன். லென்ஸைத் திருப்பி அனுப்பியிருந்தாலும் விற்பவர் அதைத் தரப்போவதில்லை.

இப்போதெல்லாம் தொகை போடும் முன், பின்பக்கமிருந்து டார்ச் அடித்த ஒரு படத்தை விற்பவரிடம் கேட்கிறேன். நேற்று ஒருவர் உடனே அனுப்பினார். நடுக் கண்ணாடியில் மூடுபனி போல ஒரு படலம் தெரிந்தது. அதன் தலைப்பிலும் Near Mint தான்.