வாட்ச் காட்டிய 70, விரல் எண்ணிய 68

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிற எனக்கு டிசம்பரில் நெருக்கடி ஏதும் இல்லை. ஸ்மார்ட் வாட்ச் காட்டிய ஓய்வுநிலை நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 61. ரிலீஸ் கெடு நெருங்கிய பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் அது 70 ஆகியிருந்தது. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்றாலும், எனக்கு வழக்கமான எண்ணிலிருந்து 9 ஏறியது மனத்தை உறுத்தியது.

ஓய்வுபெற்ற செவிலியரான என் அத்தை, வாட்ச் வாங்கிய நாளிலேயே கையால் எண்ணவும் பழக்கியிருந்தார். "பெருவிரல வைக்காதல, அதுலயும் நாடி ஓடும், எது ஒன்னோடதுன்னே தெரியாது" என்று சொல்லி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர்கீழே மெல்ல அழுத்திக் காட்டினார். விழித்ததும் படுக்கையிலேயே, காபிக்கு முன், முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலே கணக்கில் 4 பிசகும். என் விரல் கணக்கு டிசம்பரில் 64, பிப்ரவரியில் 68, ஏற்றமே 4தான்.

ஒன்று 9 என்றும் மற்றொன்று 4 என்றும் சொன்னால் எதை நம்புவது? வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. என்னிடம் இருப்பது தூக்க நேரத்திலிருந்து ஓய்வு எண்ணை எடுக்கும் வகை. (பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் சேர்க்கிற வகைகள் உண்டு, ஆகவே ஒருவர் வாட்ச் எண்ணை இன்னொருவருடையதோடு ஒப்பிடக் கூடாது.) அந்த மாதம் நான் இரவு 12 மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, ஒரு மணிக்குப் படுத்தேன். செரிமானம் நடக்கும்வரை இதயம் சற்று வேகமாகவே துடிக்கும். அதை வாட்ச் பார்த்தது, விடியலில் எண்ணிய விரல் பார்க்கவில்லை.

சோதிக்க, ஒரு வாரம் வேலையைக் குறைக்காமல் இரவு உணவை மட்டும் எட்டு மணிக்கு மாற்றினேன். வாட்ச் 66க்கு இறங்கியது. விரல் 68லேயே நின்றது. எஞ்சிய ஏற்றத்துக்கு ஐந்து மணி நேரத் தூக்கமே காரணம் என்று கருதுகிறேன், ஏனெனில் ரிலீஸ் முடிந்து ஏழு மணி நேரம் தூங்கிய இரண்டாம் வாரத்தில் விரல் கணக்கும் 64க்கு வந்துவிட்டது.

இரவில் நடப்பதை அறிய வாட்சே மேல். ஆனால் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளச் சொன்னால் விரலைத்தான் தேர்வேன். கெடு வாரத்தில் ஒரு காலை, துடிப்பு ஒன்று விட்டு விழுவதை விரல் உணர்ந்தது. வாட்ச் அன்றும் சராசரியை மட்டுமே காட்டியது. அத்தை அன்றைக்கே என்னை இசிஜி எடுக்க அழைத்துப் போனார்.