கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக்: லேபிளில் உள்ள சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்

மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும், முகத்தில் தடவும் ஆசிட் சீரம்களில் "10%" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். என்னிடம் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று 10% கிளைகாலிக், இன்னொன்று 5% லாக்டிக். எரிச்சல் தந்தது என்னவோ இரண்டாவதுதான். பி.எச். தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்ததும் காரணம் புரிந்தது. கிளைகாலிக் 5-ஐ ஒட்டி இருந்தது, லாக்டிக் 4.

இந்த ஆசிட்கள் தோலுக்குள் இறங்கி வேலை செய்வது பெரும்பாலும் நடுநிலையாக்கப்படாத வடிவில்தான். கிளைகாலிக், லாக்டிக் இரண்டுக்கும் பி.எச். 3.8 வாக்கில் பாதி அப்படி இருக்கும். அதற்கு மேல் போகப்போக வேகமாகக் குறையும். பி.எச். 5-இல் என் 10% பாட்டிலில் மிஞ்சியது 0.6% தான். பி.எச். 4-இல் இருந்த 5% பாட்டிலில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். தண்ணீர் போன்ற சீரமுக்குத்தான் இந்தச் சோதனை சரிவரும். கிரீமில் தாள் சரியாகக் காட்டாது.

பி.எச். ஒன்றாக இருந்தால் கிளைகாலிக் பலமானது. மூன்றிலும் சிறிய மூலக்கூறு அதுதான், சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் எரியும். லாக்டிக் சற்றுப் பெரியது. நம் தோலிலேயே இயல்பாக இருப்பது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். வறண்ட முகத்துக்கும், மேல்கையில் கோழித்தோல் மாதிரிச் சொரசொரப்பு உள்ளவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

சாலிசிலிக் வேறு ஜாதி. அது எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் புகுந்து பிளாக்ஹெட்ஸைத் தளர்த்தும், சிவப்பையும் ஓரளவு அடக்கும். பருவுக்கு அமெரிக்க விதிகள் அனுமதிப்பது 0.5 முதல் 2% வரை. மூக்கு ஓரத்தில் பிளாக்ஹெட்ஸ் என்றால் மற்ற இரண்டில் பணத்தைப் போடாதீர்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இதைத் தொடவே வேண்டாம்.

மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. எரிச்சல் முற்றினால் அந்த இடமே கறுத்துப் போகும். பருத் தழும்பைப் போக்க ஆசைப்பட்டுப் புதுக் கறுப்பை வாங்கிக்கொண்டவர்கள் நிறைய. வாரம் இரண்டு இரவோடு தொடங்குங்கள். வழக்கமான மாய்ஸ்சரைசர் தடவினாலே சுரீர் என்கிறதா, முகம் பாலித்தீன் போல இறுகி மினுங்குகிறதா? அளவு மிஞ்சிவிட்டது. ஆசிட்டை நிறுத்திவிட்டு வெறும் மாய்ஸ்சரைசரோடு இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

கிளைகாலிக், லாக்டிக் போடும் நாட்களிலும், நிறுத்திய பின் ஒரு வாரமும் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்கும். சன்ஸ்கிரீன் போட சோம்பல் என்றால் இந்த இரண்டையும் வாங்காமல் இருப்பதே மேல்.



அந்த 10% பாட்டில் இப்போது என் குதிகாலுக்குப் போகிறது.