செல்வமா, லூயியா: முக்கோணக் காதலில் முடிவைக் காப்பாற்ற மூன்று வழிகள்

என் நாவலின் நாயகி மலர் கடலூர் முதுநகர்க்காரி. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் இருந்த அப்பாவின் முந்திரித் தோப்பு மொத்தமாகச் சாய்ந்துவிடுகிறது. அவள் வாழ்க்கையில் இரண்டு பேர். துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் செல்வம் ஒருவன். இன்னொருவன் புதுச்சேரி லூயி. அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவனிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது. முப்பது அத்தியாயம்.

முதல் வரைவைப் படித்த தங்கை முறைப் பெண் சொன்னாள்: "எட்டாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சிடுச்சிக்கா, செல்வம்தான்னு." எப்படி என்றேன். "அவன் கையை மட்டும்தானே நீ எழுதியிருக்க?"

எடுத்துப் பார்த்தால் உண்மைதான். செல்வத்தின் நகக்கண்ணில் கிரீஸ், கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. லூயிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல உச்சரிப்பும்தான். யாருடைய உடம்பை நாயகி கிட்டே போய்க் கவனிக்கிறாளோ அவனே நாயகன் என்று காதல் கதை படிப்பவர்களுக்குப் பழகிப்போயிருக்கிறது. முதலில் யாரோடு சண்டை போடுகிறாள் என்பதும் அப்படியொரு துப்புதான்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகளை அதே கதையில் போட்டுப் பார்த்தேன்.

கடைசியில் ஒருவனைக் கெட்டவனாக்குவது முதல் வழி. இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் லூயிக்குப் பாரீசில் ஒரு பெண் இருப்பது தெரியவருகிறது. எழுத இரண்டு நாள் போதும். ஆனால் தேர்வு மலர் கையை விட்டுப் போய்விடுகிறது. மிச்சமிருப்பது ஒரே ஆள், அவனைப் பிடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தராசைச் சமமாகப் பிடிப்பது இரண்டாவது. செல்வத்தோடு தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு காட்சி என்றால் லூயியோடு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒன்று. இவனுக்குத் தழும்பு இருந்தால் அவனுக்கும் ஏதோ ஒன்று. துப்பு கசிவது இதனால் நிஜமாகவே குறையும். அதனால் இதைத் திருத்தும்போது செய்யும் வேலையாக வைத்துக்கொள்ளலாம், கதையின் முதுகெலும்பாக வைக்க முடியாது. சமன் செய்த பிரதியைப் படித்தவர்களில் பாதிப் பேர் "யாரா இருந்தாலும் சரி" என்றார்கள். ஊகிக்க முடியவில்லைதான், ஆனால் ஊகிக்கும் ஆசையும் அவர்களுக்கு இல்லை.

மூன்றாவது வழியில் ஆண்களைத் தொடுவதில்லை. மலருக்கு என்ன வேண்டும் என்பதை நடுவில் மாற்றுகிறோம். புயலுக்குப் பிறகு அவளுக்கு ஊரை விட்டுப் போக வேண்டும். போவதென்றால் லூயி, இருப்பதென்றால் செல்வம் என்று வாசகர் கணக்குப் போட்டுக்கொள்வார். பதினைந்தாம் அத்தியாயத்தில் அந்தக் கணக்கை உடைத்தேன். செல்வத்துக்குச் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இரண்டு வருட வேலை கிடைக்கிறது. லூயியோ தாத்தாவின் வீட்டை விற்க மாட்டேன், புதுச்சேரியிலேயே இருப்பேன் என்கிறான். 'வெளியே போகிறவன்', 'ஊரோடு இருப்பவன்' என்ற இரண்டு இடங்களில் ஆள் மாறிவிடுகிறார்கள்.

இது ஏமாற்று ஆகாமல் இருக்க முன்கூட்டியே விதை போட வேண்டும். ஆறாம் அத்தியாயத்தில் லூயி ஒரு வீட்டுத் தரகரைத் திருப்பி அனுப்புகிறான். ஒன்பதில் செல்வத்தின் மேசை இழுப்பறையில் பாஸ்போர்ட் விண்ணப்பம் கிடக்கிறது. இரண்டும் வேறு ஏதோ பேச்சின் ஓரத்தில் ஒரே வரி. அதற்கு மேல் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது, ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மலர் வேறொன்றை முடிவு செய்ய வேண்டும். இருபத்து நான்கில் அவள் தோப்பில் மறுபடி ஒட்டுக்கன்று நடுகிறாள். காய்ப்பைப் பார்க்க மூன்று வருடம் ஆகும், அதனால் ஊரில்தான் இருந்தாக வேண்டும். இப்போது இரண்டு ஆண்களுக்கும் ஒரு விலை இருக்கிறது: செல்வம் என்றால் காத்திருக்க வேண்டும், லூயி என்றால் வாழ்வது அவன் வீட்டில், தோப்புக்குத் தினமும் பஸ்.

இந்த வழியின் ஆபத்து நடுப்பகுதியில் இருக்கிறது. திருப்பம் வந்த பிறகு மலர் இரண்டு அத்தியாயம் எதையும் முடிவு செய்யாமல் அலைந்தால், குழப்பம் அவளுடையதாகத் தெரியாது, எழுத்தாளருடையதாகவே தெரியும். அந்த அலைச்சலில் எனக்கு முப்பது பக்கம் போய், வெட்ட வேண்டியிருந்தது.

சோதனைக்கு, படிப்பவர்களை எட்டு, பதினாறு, இருபத்து நான்கு ஆகிய அத்தியாயங்களின் முடிவில் நிறுத்தி, யார், ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பெயரைவிடக் காரணம்தான் முக்கியம். எல்லோரும் ஒரே பெயர், ஒரே காரணம் எழுதினால் எங்கோ கசிந்திருக்கிறது. பெயர் பிரிந்தும் காரணம் காலியாக இருந்தால் ஆண்கள் இருவருமே அட்டை பொம்மைகள்.

மூன்றாவது வரைவை நான்கு பேர் படித்தார்கள். இருபத்து நான்கின் முடிவில் இரண்டு பேர் செல்வம், இரண்டு பேர் லூயி. தங்கை இந்த முறை லூயி பக்கம். காரணம்: "அவன் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில ஒரு முந்திரிக் கன்னு வெச்சிருக்கான்க்கா."

அந்தத் தொட்டியை இருபதாம் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டேன்.