தேன் விக்கிற சைட்ல ஹோல்சேல் ரேட்: கூப்பனா, எண்ணிக்கை ரேட்டா, லாகினா, தனி சைட்டா?

மார்த்தாண்டம் பக்கம் தேன் பாட்டில் போட்டு விக்கிறவங்க நிறைய பேர் இப்ப சொந்தமா சைட் வச்சிருக்காங்க. சென்னை, பெங்களூர்ல இருக்கவங்க ஒண்ணு ரெண்டு பாட்டில் வாங்குறதுக்கு அது சரியா ஓடும். தக்கலை கடைக்காரரும் கன்னியாகுமரி டூரிஸ்ட் கடைக்காரரும் பாறசாலைல இருந்து ஒரு டிஸ்ட்ரிபியூட்டரும் அதே சைட்ல ஆர்டர் போடணும்னு கேட்டா அப்பதான் தலைவலி ஆரம்பம், ஏன்னா ஒரே பாட்டிலுக்கு மூணு ரேட், அதுல ரெண்டு ரேட் பொது ஜனம் கண்ணுல படவே கூடாது. இதுக்கு நாலு வழி இருக்கு. கணக்கு எல்லாம் ஒரே உதாரணத்துல சொல்றேன்: அரைக் கிலோ பாட்டில், ரீடெயில் 420 ரூவா, 5 சதவீதம் ஜிஎஸ்டி உள்ளடக்கி. வரி இல்லாம 400. கடைக்காரருக்கு 20 சதவீதம் கழிச்சு 320, டிஸ்ட்ரிபியூட்டருக்கு 30 சதவீதம் கழிச்சு 280, ரெண்டுக்கும் மேல வரி தனி. ஒரு பெட்டிக்கு 24 பாட்டில்.

முதல்ல கூப்பன். எல்லாரும் இதுலதான் தொடங்குவாங்க, பைசா செலவில்ல, அஞ்சு நிமிஷ வேலை, கோட் ஒண்ணு போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா முடிஞ்சுது. பிரச்சனை என்னன்னா கோட் வாட்ஸ்அப்ல போனா அது ஊருக்கே போனதுதான், கடைக்காரர் மச்சான் வீட்டு விசேஷத்துக்கு ஒரு பாட்டில் வாங்கும்போதும் அதே கோட் வேலை செய்யும். வூகாமர்ஸ்ல `Allowed emails`னு ஒரு கட்டம் இருக்கு, அதுல கடைக்காரர் மெயில் போட்டுட்டா பத்திரம்னு நினைப்பாங்க, ஆனா செக்அவுட்ல லாகின் பண்ணாமலே பில்லிங் மெயிலா அந்த அட்ரஸை டைப் பண்ணாலும் கோட் ஏத்துக்கும். மினிமம் தொகை வைக்கலாம், அது கொஞ்சம் காப்பாத்தும். ஆனா கார்ட்ல போய் கோட் அடிச்சப்பறம்தான் அவர் ரேட் அவருக்கே தெரியும், லிஸ்ட்ல 420ன்னுதான் நிக்கும். ரெண்டு மூணு கடைக்கு மட்டும்னா கூப்பன் போதும், அதுக்கு மேல வேண்டாம்.

ரெண்டாவது எண்ணிக்கை ரேட். லாகினே கிடையாது, 24 பாட்டில் எடுத்தா யாரா இருந்தாலும் 320, வரியோட 336. நேர்மையான முறை, எனக்குப் பிடிச்சதும்கூட, கல்யாணத்துக்கு தாம்பூலப் பைல போட 50 பாட்டில் வாங்குறவங்களுக்கும் நியாயமான ரேட் கிடைக்கும். மாட்டிக்கிறது எங்கன்னா, வடசேரில நம்ம தேனை எம்ஆர்பி 420க்கு விக்கிற கடைல போய் ஒரு கஸ்டமர் போனை நீட்டி "இங்க 336ன்னு போட்டிருக்கே அண்ணாச்சி"ன்னு கேட்பார், அடுத்த வாரம் அந்தக் கடைல நம்ம பாட்டில் இருக்காது. இன்னொண்ணு, வாரம் தவறாம ஒரு பெட்டி எடுக்கிற கடையும் என்னைக்காவது ஒரு நாள் ஒரு பெட்டி எடுக்கிற வழிப்போக்கரும் இந்த முறைக்கு ஒண்ணுதான். அரைக் கிலோ 12, கால் கிலோ 12ன்னு கலந்து எடுத்தா பல பிளகின் ஒவ்வொரு ஐட்டத்தையும் தனியா எண்ணும், ரெண்டுமே 24 தொடலைன்னு முழு ரேட் போட்டுடும். வாங்குறதுக்கு முன்னாடி மொத்தக் கேட்டகரியையும் சேர்த்து எண்ணுமான்னு பார்த்துக்கிடுங்க.

நாலாவதை முன்னாடி சொல்லிடுறேன், அது சின்ன விஷயம். தனி சைட், அதாவது ட்ரேடுக்குன்னு ஒரு சப்டொமைன், உள்ள போகவே லாகின் வேணும். ரேட் கசியுற பேச்சே இல்ல. ஆனா ஸ்டாக் ரெண்டு இடத்துல இருக்கும், ரப்பர் சீசன் தேன் முடியுற சமயத்துல இங்க வித்த பாட்டில் அங்கயும் விக்கும், படம் மாத்தணும்னா ரெண்டு தடவை, பில் நம்பர் வரிசை ரெண்டு. 25 கிலோ கேன்ல மருந்துக் கம்பெனிக்கும் பேக்கரிக்கும் மட்டும் குடுக்கிறவங்கன்னா, அதாவது ஹோல்சேல் சரக்கே வேற சரக்குன்னா, இது சரி. அதே பாட்டில்தான்னா என்னத்துக்கு ரெண்டு சைட்?

அப்போ மூணாவது, அதே சைட்ல லாகினைப் பொறுத்து ரேட். பத்து கடைக்கு மேல போற யாருக்கும் நான் இதைத்தான் சொல்லுவேன். வூகாமர்ஸ்ல ஒவ்வொரு யூசருக்கும் ஒரு ரோல் உண்டு, சாதாரணமா வாங்குறவர் `customer`. அதோட கடைக்காரருக்கு `trade_a`, டிஸ்ட்ரிபியூட்டருக்கு `trade_b`ன்னு ரெண்டு ரோல் சேர்த்து, ஒவ்வொரு பாட்டிலுக்கும் ரோலுக்கு ஒரு ரேட் போட்டுடணும். ஹோல்சேல் பிளகின்கள் எல்லாம் உள்ளுக்குள்ள செய்றது இதைத்தான். இலவச பதிப்புல பெரும்பாலும் ஒரே ஒரு ஹோல்சேல் ரோல்தான் குடுப்பாங்க, ரெண்டாவது அடுக்குக்கும் மினிமம் எண்ணிக்கைக்கும் காசு குடுக்கணும், அதனால ரெண்டு அடுக்கு உண்மையிலயே வேணுமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

ஷாப்பிஃபைல இருக்கவங்க இங்க ஒண்ணு கவனிக்கணும். கஸ்டமருக்கு டேக் போட்டு தீம்ல கை வச்சு 320ன்னு காட்டுற வித்தையை நிறைய பேர் செஞ்சு குடுப்பாங்க, பக்கத்துல 320ன்னுதான் தெரியும், செக்அவுட் போனா 420 தான் கேட்கும், ஏன்னா தீம் காட்டுற எழுத்துக்கும் கார்ட் எடுக்கிற விலைக்கும் சம்பந்தமே கிடையாது. அங்க ஒண்ணு, செக்அவுட்லயே தள்ளுபடி போடுற ஆப் வேணும், இல்லன்னா டிராஃப்ட் ஆர்டர் போட்டு பேமென்ட் லிங்க் அனுப்பணும். மாசம் அஞ்சாறு ஹோல்சேல் ஆர்டர்தான்னா டிராஃப்ட் ஆர்டர் மோசமில்ல.

லாகின் முறைல மூணு இடத்துல சறுக்கும். பெரிய சறுக்கல் வரில. நம்ம ரீடெயில் ரேட் வரி சேர்த்துப் போட்டது, அதனால வூகாமர்ஸ்ல `Prices entered with tax`ங்கிற இடத்துல வரி உட்படன்னு வச்சிருப்போம். இது சைட் முழுக்க ஒண்ணுதான், ரோலுக்கு ரோல் மாறாது. கடைக்காரர்கிட்ட "320 ப்ளஸ் வரி"ன்னு பேசிட்டு ட்ரேட் கட்டத்துல 320ன்னு அடிச்சா, சைட் அதையும் வரி சேர்ந்த விலையாதான் எடுத்துக்கும். அப்போ நம்ம கைக்கு வர்றது 304.76. பாட்டிலுக்கு 15.24, ஒரு பெட்டிக்கு கிட்டத்தட்ட 366 ரூவா போச்சு, பில் பார்க்க அழகா 5 சதவீதம் வரியோட இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. அடிக்க வேண்டியது 336, டிஸ்ட்ரிபியூட்டருக்கு 294. கடைக்காரங்களுக்கு வரி இல்லாத விலை கண்ணுல தெரியணும்னா அது காட்டுற செட்டிங், ட்ரேட் ரோலுக்கு மட்டும் `Display prices in the shop` வரி இல்லாமன்னு மாத்த பெரும்பாலான ஹோல்சேல் பிளகின்ல வழி இருக்கும். டெஸ்ட் ஆர்டர் ஒண்ணு போட்டு, ஒரு பாட்டிலுக்கு வரிக்கு முந்தின தொகை சரியா 320.00 வருதான்னு பாருங்க.

ரெண்டாவது சறுக்கல், ரேட் வெளிய கசியுறது. சைட் வேகமா இருக்கணும்னு பக்கத்தை கேஷ் பண்ணி வச்சிருப்போம், நல்ல கேஷ் பிளகின் லாகின் பண்ணவங்களை விட்டுடும். ஆனா கிளவுட்ஃபிளேர்ல யாரோ சொன்னாங்கன்னு `Cache Everything` போட்டு லாகின் குக்கிக்கு விலக்கு குடுக்காம விட்டா, பாறசாலை டிஸ்ட்ரிபியூட்டர் பார்த்த 294 பக்கம் அப்படியே அடுத்து வர்ற ஊர்க்காரருக்கும் போகலாம். இன்னொரு வாசல், கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோன்னு ஒரே புராடக்ட்ல வேரியேஷனா வச்சிருந்தா, அந்த "இந்த விலைல இருந்து இந்த விலை வரை"ங்கிற வரியை வூகாமர்ஸ் தனியா சேமிச்சு வைக்கும், அது யார் ரோல்னு பார்க்கிறதில்ல. பிளகின் இதைப் பார்த்துக்கிட்டா சரி, சொந்தமா கோட் எழுதுறவங்க இதை மறக்கக்கூடாது:

```php
add_filter( 'woocommerce_get_variation_prices_hash', function ( $hash ) {
    $hash[] = implode( ',', wp_get_current_user()->roles );
    return $hash;
} );
```

இதைப் போட்டா ரோலுக்கு ஒரு சேமிப்பு தனியா இருக்கும். சோதிக்கிறது சுலபம்: ஒரு பிரவுசர்ல ட்ரேட் ஐடில லாகின் பண்ணி பக்கத்தை ரெண்டு தடவை திறங்க, உடனே போன்ல மொபைல் டேட்டாவுல லாகின் இல்லாம அதே பக்கம். 420 வரணும். பிறகு தலைகீழா, முதல்ல விருந்தாளியா, அப்புறம் லாகினோட. கேஷ் செட்டிங்ல கை வைக்கும்போதெல்லாம் இதைத் திரும்ப செய்யணும்.

மூணாவது, யாரை உள்ள விடுறதுங்கிறது. ட்ரேட் ஃபார்ம் நிரப்பின உடனே தானா ரோல் குடுக்கிற செட்டிங்கை அணைச்சுடுங்க, இல்லன்னா ஒரு பாட்டில் வாங்குறவரும் கடைன்னு எழுதிட்டு உள்ள வருவார். ஃபார்ம்ல கேட்க வேண்டியது கடைப் பேர், போன், ஜிஎஸ்டி நம்பர், அவ்வளவுதான். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து, முதல் ரெண்டு மாநிலம், அடுத்த பத்து பான். ஜிஎஸ்டி போர்ட்டல்ல அந்த நம்பரைத் தேடினா கடைப் பேரும் அது நடப்புல இருக்கா கேன்சல் ஆயிடுச்சாங்கிறதும் வரும், அதைப் பார்த்துட்டு நீங்களே கையால ரோலை மாத்துங்க. நம்ம மாவட்டத்துக்கு இதுல ஒரு தனி விசேஷம், களியக்காவிளை தாண்டினா கேரளா, நம்பர் 33ல தொடங்கினா தமிழ்நாடு, 32ன்னா கேரளா. தமிழ்நாட்டுக்குள்ள அனுப்புற சரக்குக்கு 2.5 மத்திய வரி, 2.5 மாநில வரின்னு பில்லுல ரெண்டு வரி, பாறசாலைக்குப் போனா ஐஜிஎஸ்டி 5ன்னு ஒரே வரி. மொத்தம் ஒண்ணுதான், ஆனா பில் தப்பா போனா அவர் இன்புட் கிரெடிட் எடுக்கும்போது அவரோட ஆடிட்டர்கிட்ட இருந்து நமக்குத்தான் போன் வரும். வரி டேபிள்ல தமிழ்நாட்டுக்கு ரெண்டு வரிசை, மத்த மாநிலத்துக்கு ஒரு வரிசைன்னு முன்கூட்டியே போட்டு வைக்கணும். ஜிஎஸ்டி இல்லாத சின்னப் பெட்டிக்கடையும் வரும், அவங்களுக்கு கடை போட்டோவும் உணவுப் பாதுகாப்பு பதிவு நம்பரும் கேட்டு `trade_a` குடுக்கலாம், தப்பில்ல.

ரோல் குடுத்தா மட்டும் போதாது, மினிமம் வேணும், இல்லன்னா கடைக்காரர் வீட்டுக்கு ஒரு பாட்டிலை 336க்கு எடுத்துட்டு கொரியர் செலவை நம்ம தலைல கட்டுவார். `trade_a`க்கு ஒரு பெட்டி, `trade_b`க்கு பத்து பெட்டி, அதுக்கு கீழன்னா ஆர்டரைத் தடுக்காம ரீடெயில் ரேட்டே காட்டுற மாதிரி வச்சா சண்டை வராது. லாகின் பண்ண மறந்து 420க்கு ஒரு பெட்டி ஆர்டர் போட்டுட்டு அப்புறம் மீதிக் காசு கேட்டு கூப்பிடுறவங்களும் உண்டு, அதனால கார்ட்ல எண்ணிக்கை 24 தொட்டா "கடைக்காரரா? முதல்ல லாகின் பண்ணுங்க"ன்னு ஒரு வரி காட்டுங்க. வருஷத்துல ஒரு தடவை லிஸ்டைப் பாருங்க, ஆர்டரே போடாத கடையோட ரோலை `customer`க்கு மாத்திடுங்க, அக்கவுண்டை மட்டும் அழிக்காதீங்க, பழைய பில் வேணும்னு மார்ச் மாசம் திரும்ப வருவாங்க.